வீட்டு அறையில் பார்லர்: முதல் மாதத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்பக்க அறையில் முன்பு அரிசி மூட்டையும், பழைய கட்டிலும், யாரும் மிதிக்காத தையல் மிஷினும் கிடந்தன. இப்போது அது பார்லர். த்ரெடிங்குக்குக் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போதே பாதிப் பேர் "நானும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாமா?" என்று பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு ரூம் போதுமா அக்கா? எவ்வளவு பெருசு வேணும்?

பத்துக்குப் பத்து அறை போதும். என்னுடையது அதைவிடக் கொஞ்சம் சின்னது. கண்ணாடிக்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலி, சுவரோரம் ஃபேஷியல் கட்டில், இரண்டுக்கும் நடுவே கூரையிலிருந்து தரை வரை ஒரு திரை. வந்து காத்திருப்பவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாசல் திண்ணையில்.

அளவைவிட வெளிச்சம்தான் முக்கியம். வீட்டு அறையில் டியூப்லைட் வழக்கமாகத் தலைக்குப் பின்னாலோ நடுக்கூரையிலோ இருக்கும். அப்படி இருந்தால் நாம் குனியும்போது நம் நிழலே வாடிக்கையாளரின் புருவத்தில் விழும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் முகத்துக்கு முன்பக்கமிருந்து வெள்ளை விளக்கு விழ வேண்டும். மஞ்சள் விளக்கு வேண்டாம். பூனை முடி அதில் தெரியவே தெரியாது.

வீட்ல ஆம்பளைங்க இருப்பாங்களே, பொம்பளைங்க தயங்க மாட்டாங்களா?

தயங்குவார்கள். இதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை. ஹாலில் மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருக்க, அவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்றால் த்ரெடிங்குக்கு வேண்டுமானால் வருவார்கள், வேக்ஸிங்குக்கு வர மாட்டார்கள். எங்கள் அறைக்குத் திண்ணையிலிருந்தே ஒரு கதவு இருந்தது, பல வருடமாக ஆணி அடித்து மூடியிருந்தோம். அதைத் திறந்து, ஹால் பக்கக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்க முடியாத ஸ்டிக்கர்.

இன்னொன்று, செல்போன். திரைக்கு உள்ளே என் போன் போகாது. பாட்டுப் போட்டால்கூட வெளியே அலமாரியில்தான் இருக்கும். கேமரா பயம் எல்லோருக்கும் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. போனை அவர்கள் கண்முன்னே வெளியே வைத்துவிட்டு உள்ளே போனால் அவர்கள் தோள் இறங்குவது தெரியும்.

எவ்வளவு பணம் போட்டீங்க? முழுசா சொல்லுங்க.

மொத்தம் 35,500 ரூபாய். அதில் பெரிய செலவு நான்கு: ஃபேஷியல் கட்டில் 7,500, சாய்வு நாற்காலி 6,500, கிரீம், வேக்ஸ், கிட் போன்ற பொருட்கள் 6,000, பெயின்ட், விளக்கு, திரை, கதவு வேலை 5,000. கண்ணாடி, ட்ராலி, வேக்ஸ் ஹீட்டர், ஸ்டீமர், டிரையர், கத்தரி, வாசல் போர்டு எல்லாம் சேர்ந்து மீதி 10,500.

இது இல்லாமல் 12,000 ரூபாயைத் தனியாகத் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டு வைத்தேன். மூன்று மாதத்துக்கான ஓட்டச் செலவு அது, மாதம் 4,000 வீதம். எல்லோரும் முதலீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. முதல் மாதத்தைத் தாண்ட வைப்பது நாற்காலி இல்லை, இந்தப் பணம்தான். நாற்காலியை மலிவாக வாங்கியாவது இதை ஒதுக்குங்கள்.

ஷாம்பூ வாஷ் சேர் இல்லாம பார்லரா?

ஆரம்பத்தில் வேண்டாம். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், கடற்கரைப் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் ஷாம்பூ சரியாக நுரைக்காது, அலசிய பிறகும் முடி பிசுபிசுப்பாகவே இருக்கும், வாடிக்கையாளர் ஷாம்பூவைத்தான் குறை சொல்வார். முடி வெட்ட வருகிறவர்களை வீட்டிலேயே அலசிக் காயவைத்து வரச் சொல்கிறேன். ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் நனைத்து வெட்டினால் போதும்.

ஸ்டீமருக்கும் கேன் தண்ணீர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களிலேயே உள்ளே வெள்ளையாகப் படியும், ஆவி குறையும், அப்புறம் கொதிநீர் துளியாகத் தெறிக்கும். கண்ணை மூடிப் படுத்திருப்பவர் முகத்தில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆடியில போய் ஏன் திறந்தீங்க? யாராவது ஆடியில புதுசா ஆரம்பிப்பாங்களா?

என் மாமியாரும் இதையேதான் கேட்டார். பால் காய்ச்சிச் சாமி கும்பிட்டதை ஆனி கடைசி முகூர்த்தத்திலேயே முடித்துவிட்டோம், அதனால் அவர் மனசு சமாதானமானது. வேலை ஆரம்பித்தது ஆடியில்.

ஆடியில் கல்யாணம் இல்லை, விசேஷம் இல்லை. வெள்ளிக்கிழமை கூழ், கோயில் என்று பெண்கள் வேறு வேலையில் இருப்பார்கள். செவ்வாய், வெள்ளி முடி வெட்டிக்கொள்வதில்லை என்பது எல்லா மாதமும் உள்ளதுதான், ஆடியில் அதை இன்னும் கறாராகப் பார்ப்பார்கள். ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு முகத்தைச் சரிசெய்ய ஆரம்பிக்கிறவர்கள் ஆடியிலேயே விசாரிப்பார்கள். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் புதுப்பெண்களும் இருக்கிறார்கள். கையில் நேரமும் இருக்கும், செலவு செய்ய அம்மாவும் இருப்பார். என் முதல் ஃபேஷியல் அப்படி வந்த ஒரு பெண்தான். கூட்டமான மாதத்தில் திறந்திருந்தால், கை பழகாத வேகத்தில் அவசர அவசரமாகச் செய்து பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மந்தமான மாதத்தில் ஒருவருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

முதல் மாசம் உண்மையில எவ்வளவு வந்துச்சு?

வந்தது 5,700 ரூபாய். புருவம், மேலுதடு, நெற்றி என்று த்ரெடிங்கில் 2,400. ஃபேஷியல் மூன்று, ஒன்று 500 வீதம் 1,500. கை வேக்ஸிங்கில் 1,200. முடி வெட்டியதில் 600.

போனது: செலவான பொருள் ஏறக்குறைய 1,100. ஓட்டச் செலவு 4,000. அந்த நாலாயிரத்தில் கரண்டுக்கு 1,000 (இரண்டு மாத பில்லில் பாதி), கேன் தண்ணீர் 400, போன் 300, டிஷ்யூ, டெட்டால், துண்டு துவைக்கும் பவுடர் வகையறா 800. மீதி 1,500 ரிப்பேருக்கு ஒதுக்கியது. ஆக, என் உழைப்புக்கு மிஞ்சியது 600 ரூபாய். வீட்டில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் தபால் ஆபீஸ் கணக்கில் கை வைக்கவில்லை. வாடகைக் கடையாக இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு.

நல்லா பண்ணியும் ஏன் முதல் மாசம் ஆள் வரல? ராசி இல்லையோன்னு தோணுது.

ராசி இல்லை, முடி வளரும் கணக்கு. புருவ முடி திரும்ப வளர மூன்று நாலு வாரம் ஆகும். மேலுதடு இரண்டு வாரம், வேக்ஸிங் செய்த கை ஒரு மாதம், ஃபேஷியலும் மாதம் ஒன்றுதான். இன்று வந்து திருப்தியாகப் போனவர் அடுத்த வாரம் வரவே முடியாது. வருவதற்கு முடி இருக்காது. ஆக முதல் மாதம் முழுக்க நாம் பார்ப்பது பெரும்பாலும் புது ஆட்களைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 40 புது ஆட்கள் வருகிறார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 40. இரண்டாம் மாதம் 40 புதுசு, 20 பழசு, மொத்தம் 60. மூன்றாம் மாதம் 70. இப்படியே போனாலும் 80-ஐத் தாண்டாது. இதே நான்கில் மூன்று பேர் திரும்பினால்? 40, 70, மூன்றாம் மாதம் 90-க்கு மேல். அதற்கப்புறமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

புது ஆட்கள் அதேதான், முதல் மாத வருமானமும் அதேதான். வித்தியாசம் முழுக்கத் திரும்புகிறவர்களில். அதனால் முதல் மாதக் கல்லாவைப் பார்த்து அழுவதில் அர்த்தமில்லை, அதில் அந்த விஷயம் தெரியாது. ஒரு நோட்டில் வந்தவர் பெயர், தேதி, என்ன செய்தோம் என்று எழுதுங்கள். ஐந்தாவது வாரத்தில் அந்த நோட்டுதான் பேசும்.

திறப்பு விழா ஆஃபர் போட்டா கூட்டம் வருமே?

வரும், ஆஃபர் முடிந்ததும் போய்விடும். இருபது ரூபாய்க்குப் புருவம் எடுத்தவர் அடுத்த முறை ஐம்பது என்றால், ஏதோ நாம் விலையை ஏற்றியதாக நினைப்பார். நான் விலையைக் குறைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு சின்ன அட்டை கொடுத்தேன். அதில் இருபத்தைந்து நாள் கழித்து வரும் தேதி, "இந்தத் தேதிக்குள் வந்தால் மேலுதடு இலவசம்" என்று ஒரு வரி. மேலுதடு எனக்கு 20 ரூபாய் வேலை, நூல் செலவு காசு கணக்கில்தான். ஆனால் மேலே சொன்ன கணக்கில் பாதியை முக்காலாக்குவது இந்த மாதிரி ஒன்றுதான். தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி நினைவூட்டல். தினமும் குட்மார்னிங் படம் அனுப்பாதீர்கள், பிளாக் செய்துவிடுவார்கள்.

எதுல அதிக லாபம்? ஃபேஷியல்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். புருவம் 50 ரூபாய், பொருள் செலவு 3, பத்து நிமிடம். விடாமல் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 280 மிஞ்சும். இரண்டு கை வேக்ஸிங் 250, பொருள் 60, நாற்பது நிமிடம். மணிக்கு 285. ஃபேஷியல் 500, கிட்டும் மற்றதும் 170, துடைத்து எடுத்துவைப்பது வரை ஒன்றேகால் மணி நேரம். மணிக்கு 264. கிட்டத்தட்ட ஒன்றுதான், சொல்லப்போனால் ஃபேஷியல் கொஞ்சம் கீழே.

இதற்காக ஃபேஷியலை விட்டுவிடச் சொல்லவில்லை. முதல் மாதம் நேரம் சும்மா கிடக்கிறது, எது வந்தாலும் லாபம். ஆனால் ஆள் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் நாலு பேர் புருவத்துக்குக் காத்திருக்கும்போது ஒரு ஃபேஷியலை எடுத்தால், இரண்டு பேராவது எழுந்து போய்விடுவார்கள். ஃபேஷியல் கேட்பவர்களைச் செவ்வாய், வெள்ளி மதியத்துக்கு வரச் சொல்லுங்கள். அன்று முடி வெட்ட யாரும் வர மாட்டார்கள், அறை காலியாகத்தான் இருக்கும்.

பெரிய கிட் வாங்கினா மலிவாச்சே, ஏன் சின்ன பாக்கெட் வாங்குறீங்க?

பெரிய ஃபேஷியல் கிட்டை ஆறேழு பேருக்குப் பயன்படுத்தினால்தான் மலிவு. முதல் மாதம் வந்தது மூன்று பேர். திறந்த ஃபேஸ் பேக் காய்ந்து ஓரத்தில் கட்டியாகும், ஸ்க்ரப்பின் மணம் மாறும், அதை நாலாவது ஆள் முகத்தில் போட நமக்கே மனசு வராது. அதனால் ஒருவருக்கு ஒன்று என்று வரும் பாக்கெட் கிட்தான். ஒன்றுக்கு முப்பது நாற்பது ரூபாய் கூடுதல், ஆனால் வீணாவது இல்லை. புதுப் பாக்கெட்டை அவர்கள் முன்னாலேயே பிரிப்பதும் ஒரு நம்பிக்கை.

பிளீச், ஹேர் கலர் டெவலப்பர் இரண்டும் சின்ன சைஸ்தான். அவற்றில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. திறந்து நாளானால் வீரியம் குறையும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் முடி நிறம் மாறாவிட்டால் பொருள் பழசு என்று அர்த்தம், இன்னும் ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்போம் என்று போகக் கூடாது. வேக்ஸ் மட்டும் பெரிய டின் வாங்கலாம், அது சீக்கிரம் கெடாது. ஆனால் ஸ்பேச்சுலாவைத் தோலில் தேய்த்துவிட்டு மறுபடி டின்னுக்குள் விடாதீர்கள். தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துச் சூடாக்கி, மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

நூலை வாயில கடிச்சுப் பண்றதைப் பார்த்தா அருவருப்பா இருக்குன்னு ஒருத்தங்க சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

கழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைக் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, மீதியைக் கையில் பிடித்து முறுக்கலாம். வாயில் கடித்துப் பழகியவர்களுக்கு முதலில் இழுவிசை சரியாக வராது. வாயில் இருக்கும்போது தலையை லேசாகப் பின்னால் இழுப்போம், கழுத்தில் போட்டால் தோளைத்தான் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். என் தொடையிலும், பிறகு அக்கா கையிலும் பழகினேன். பாவம் அவர்.

தோல் வெட்டுப்படுவது பெரும்பாலும் நூலால் இல்லை, தோல் தளர்வாக இருப்பதால்தான். மேல் இமையை ஒரு விரலாலும் நெற்றியை மறு கையாலும் அவர்களே விறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பேசிச் சிரித்தால் நிறுத்திவிடுங்கள். ஒருவருக்குப் போட்ட நூல் அத்தோடு குப்பைக்கு.

மெடிக்கல்ல வாங்கின கிரீம் போடுறவங்களுக்கு பிளீச், வேக்ஸ் பண்ணலாமா?

கூடாது. முதல் மாதத்தில் பார்லரை மூட வைக்கக்கூடிய ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மந்தமான மாதம் யாரையும் கெடுக்காது, ஒருவர் முகம் எரிந்து போனால் அந்தத் தெருவே வராது.

டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் "வெள்ளையாக்கும்" கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிலவற்றில் தோலை உரிக்கும் மருந்தான ட்ரெட்டினாயினும் சேர்ந்து வருகிறது. நாள்பட்டுப் போட்டால் தோல் மெலிந்துவிடும். அப்படிப்பட்ட தோலில் வேக்ஸ் இழுத்தால் முடியோடு மேல்தோலும் வரும், பிளீச் போட்டால் எரியும். கேட்டால் "ஒண்ணும் போடறதில்லைக்கா" என்பார்கள், கிரீமை அவர்கள் மருந்தாக நினைப்பதே இல்லை. அதனால் நான் "ராத்திரி படுக்கப்போகும்போது முகத்துக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்கிறேன். அப்போது டியூப் பெயர் வந்துவிடும். முன்பக்க விளக்கைப் போட்டுக் கன்னத்தைப் பாருங்கள்: மெல்லிய சிவப்பு நரம்பு தெரிகிறதா, வெயிலில் வந்ததும் முகம் சிவந்து எரிகிறதா, இரண்டு நாள் கிரீமை விட்டால் அரிக்கிறது என்கிறார்களா? ஒன்று இருந்தாலும் தோல் டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். முகப்பரு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மற்றவர்களுக்கு பிளீச் என்றால் காதுக்குப் பின்னால் சின்னதாகப் போட்டுப் பார்த்துவிட்டு. ஹேர் கலர் என்றால் 48 மணி நேரம் முன்னாலேயே. "இப்பவே போடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரின் காசு வேண்டாம்.

சொந்தக்காரங்க ஓசியில பண்ணச் சொல்றாங்க, எப்படி மறுக்கிறது?

மறுக்க வேண்டாம், முறைப்படுத்திவிடுங்கள். என் நாத்தனாரிடம் "அண்ணி, முதல் தடவை உங்களுக்கு என் செலவு, அடுத்ததிலிருந்து பொருளுக்காவது கொடுங்க" என்று சொன்னேன். அட்டையில் அவருக்கும் தேதி எழுதிக் கொடுத்தேன். அவர் கூட்டி வந்தவர்கள் முழுக் காசு கொடுத்தார்கள். கடன் சொல்பவர்களை நோட்டில் எழுதுங்கள், அவர்கள் பார்க்கும்படி எழுதுங்கள். அது போதும்.

வீட்டுக் கரண்ட்லயே ஓட்டலாமா? லைசென்ஸ் எல்லாம் வேணுமா?

வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். அதில் பார்லர் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி அனுமதியில்லாத உபயோகம். பிடித்தால் உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடலாம். இலவச யூனிட்டும் வீட்டு இணைப்புக்குத்தான். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அந்த அறைக்கு மட்டும் தனி வணிக இணைப்புக் கேளுங்கள். மீட்டர் தனியாக இருந்தால் பார்லர் எவ்வளவு தின்கிறது என்பதும் தெரியும். அந்த ஆயிரம் ரூபாயை என்னால் சரியாகச் சொல்ல முடிந்தது அதனால்தான்.

கடலூர் இப்போது மாநகராட்சி, தொழில் உரிமம் அங்கேதான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் வைத்து நாமே செய்யலாம், கட்டணம் கிடையாது. கட்டணம் என்று யாராவது கேட்டால் அது அவருடைய கூலி. ஜிஎஸ்டி, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். அந்தக் கவலை நமக்கு இப்போதைக்கு இல்லை. வாடகை வீடாக இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் வீட்டுக்காரர் சம்மதம்.

திருவந்திபுரத்துல அவ்வளவு கல்யாணம் நடக்குதே, மணப்பெண் மேக்கப் எடுக்கலாமே?

கை பழகும் வரை நான் எடுக்கவில்லை. முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்யாணம் நடக்கும். விடியற்கால முகூர்த்தம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கே மேக்கப் ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கான மேக்கப் பெட்டி என் அறை முழுசும் ஆன செலவுக்கு மேல் போகும்.

ஆனால் அந்தக் கல்யாணங்களின் முந்தைய ஒரு மாதம் நம்முடையது. பெண்ணுக்கு முதல் ஃபேஷியல் ஒரு மாதம் முன்னால், கடைசி ஃபேஷியல் கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால். வேக்ஸிங் மூன்று நாள் முன்னால், புருவம் இரண்டு நாள் முன்னால். முந்தின நாள் எதுவும் வேண்டாம். சிவப்பு, சின்னப் பரு எதுவானாலும் அடங்க நேரம் வேண்டும். பெண்ணோடு அம்மா, அத்தை, தங்கை என்று நாலு பேர் புருவத்துக்கு வருவார்கள். ஆடியில் விசாரித்த இரண்டு வீடுகள்தான் என் ஆவணியைத் தூக்கி நிறுத்தின.

பக்கத்துத் தெருவுல ஒருத்தி முப்பது ரூபாய்க்கு த்ரெடிங் பண்றா. நானும் இறக்கணுமா?

லாபம் எதில் என்ற கேள்வியின் கணக்கை மறுபடி பாருங்கள். ஐம்பதில் 47 மிஞ்சுகிறது, முப்பதில் 27. அதே பணத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆள் வேண்டும், இரண்டு மடங்கு நேரமும். முதல் மாதம் நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இறக்கிய விலையை மூன்றாம் மாதம் ஏற்ற முடியாது. நான் ஐம்பதிலேயே இருந்தேன். போனவர்களில் சிலர் திரும்பினார்கள், சிலர் அங்கேயே இருக்கிறார்கள். அவளும் பிழைக்கட்டும்.

எப்போ "இது ஓடாது"ன்னு முடிவு பண்றது?

முதல் மாதக் கல்லாவை வைத்து முடிவெடுக்காதீர்கள். நோட்டை எடுத்து, முதல் இரண்டு வாரத்தில் வந்தவர்களில் ஐந்து ஆறு வாரத்துக்குள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் பொறுத்திருங்கள், கணக்கு தானாக ஏறும். கால்வாசிகூட இல்லை என்றால் விளம்பரம் செய்து புது ஆட்களைக் கொண்டுவந்தாலும் நிற்காது. திரும்பாத இரண்டு பேரிடம் போன் செய்து கேளுங்கள். புருவம் மெலிதாகிவிட்டது, துண்டில் வாடை, மாமனார் இருமல் சத்தம் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும்.

திரும்புகிறவர்கள் இருந்தும் புது ஆட்கள் மாதம் பத்துப் பேரைத் தாண்டவில்லை என்றால் அது போர்டும் வாசலும் சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஒதுக்கிய மூன்று மாதப் பணம் தீரும்போதும் இரண்டும் சரியாகவில்லை என்றால் கட்டிலையும் நாற்காலியையும் விற்றுவிடலாம், பாதி விலைக்காவது போகும். நகையை வைத்து நாலாவது மாதம் ஓட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆடி தாண்டிட்டா அப்புறம் கவலை இல்லைல்ல?

புரட்டாசியும் மார்கழியும் இருக்கின்றன. புரட்டாசியில் விரதம், மார்கழியில் கல்யாணம் கிடையாது. நடுவில் மழை. கடலூருக்கு அது சின்ன விஷயமில்லை, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த ஊர். கரண்ட் போனால் வேக்ஸ் ஹீட்டர், ஸ்டீமர், விளக்கு மூன்றும் போய்விடும். சார்ஜ் விளக்கில் த்ரெடிங் மட்டும்தான் நடக்கும்.

அதனால் ஐப்பசிக்கு முன்னாலேயே பொருட்களைத் தரையிலிருந்து தூக்கி மேல் அலமாரிக்கு மாற்றிவிடுகிறேன். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல். அந்த மாதங்களில் புதுச் சரக்கு வாங்குவதில்லை. தபால் ஆபீஸ் கணக்கில் அந்தப் பன்னிரண்டாயிரம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வேன். குறைந்திருந்தால் ஆவணி வரவிலிருந்து முதலில் அதைத்தான் நிரப்புவேன்.